38 படங்கள், ஒரு கோப்பு: கோத்தகிரி ஓவியர் ஒருவரின் பாணி மாடலுக்குள் போன விதம்

கோத்தகிரியில் வசிக்கும் ஓவியர் ஒருவரின் பாணியைக் கற்றுக்கொண்ட சிறு செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்று, பட மாடல்களைப் பகிரும் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் அவர் பெயரிலேயே இருந்தது. அதைச் செய்தவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவர் பெயரைத் தட்டி, பக்கத்தில் ஒரு பறவையின் பெயரையும் தட்டினால் அவர் வரைந்தது போன்ற படம் வந்துவிடும். அந்தக் கோப்புக்குள் என்ன இருந்தது, படங்கள் எந்த வழியாக அங்கே போயின, எதைக் கேட்டு வாங்க முடிந்தது, எதை முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் குன்னூரில் புத்தகப் பக்க வடிவமைப்பும் அச்சுக்கு முந்தைய படத் திருத்தமும் செய்கிறவன். அந்த ஓவியரான அக்காவின் படங்களைப் பல ஆண்டுகளாக ஸ்கேன் செய்து கொடுப்பது நான்தான். எந்தப் படம், எந்த அளவில், யாருக்குப் போனது என்ற பட்டியல் என் கணினியில் இருந்தது. அது இல்லாவிட்டால் கீழே சொல்லப்போவதில் பாதியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவரும், இதில் வரும் இன்னொரு ஓவியரும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர் வேண்டாம் என்றார்கள்.

அக்கா வரைவது நீலகிரியின் சோலைக்காட்டுப் பறவைகளையும் பூக்களையும். பனிமூட்டத்துக்கு அவர் வண்ணமே பூசமாட்டார். தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுவார். படத்தின் அடிப்பகுதியில் ஈரத்தின் மேலேயே கரும்பச்சையை ஓடவிடுவார். மைக்கோடு பறவையின் கண்ணுக்கும் காலுக்கும் மட்டும். மனிதர்களை அவர் வரைவதே இல்லை. இந்தக் கடைசி விஷயம் பின்னால் முக்கியமாகிறது.

கோப்பு என்ன சொன்னது

இந்த மாதிரிக் கோப்புகளை லோரா என்பார்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற பெரிய மாடல் ஒன்று ஏற்கெனவே கோடிக்கணக்கான படங்களில் பயின்று தயாராக இருக்கும். அது கற்றுவைத்த எண்களான எடைகளைத் தொடாமல், பக்கத்தில் ஒரு சிறு திருத்தத்தை மட்டும் சில பத்துப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்துத் தனிக் கோப்பாகச் சேமிப்பதுதான் லோரா. அக்காவின் பெயரில் இருந்தது 36 எம்.பி.தான். ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் ஒரு பிற்பகலுக்குள் செய்துவிடலாம். ஆகவே சம்மதம் என்ற கேள்வி இங்கே இரண்டு இடத்தில் எழுகிறது. பெரிய மாடலைச் செய்த நிறுவனம் கேட்டதா என்பது ஒன்று. லோராவைச் செய்த தனிமனிதர் கேட்டாரா என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்து பேசினால் எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாமல் போகும்.

லோரா செய்தவருக்கு எழுதுவதற்கு முன்னால் சாட்சியத்தைப் பத்திரப்படுத்தினோம். புகார் போனதும் பக்கம் மறைந்துவிடுவது வழக்கம். பக்கத்தைத் தேதியோடு சேமித்தோம், மாதிரிப் படங்களை எடுத்துவைத்தோம், கோப்பை இறக்கி `sha256sum` கட்டளையால் அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொண்டோம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது இணைக்க வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. வழக்குக்குப் போவோமா என்று அன்று தெரியாது. போனால் அப்போது தேடக்கூடாது என்பதற்காகச் செய்தோம்.

பிறகு கோப்பைத் திறந்தோம். லோராக்கள் பெரும்பாலும் `.safetensors` வடிவில் இருக்கும். முதல் 8 பைட்டுகள் தலைப்பின் நீளத்தைச் சொல்லும். அடுத்து வருவது சாதாரண எழுத்தில் உள்ள தலைப்பு. பரவலாகப் பயன்படும் பயிற்சி நிரல் ஒன்று, எந்தக் கோப்புறையில் எத்தனை படங்கள் இருந்தன, அவற்றுக்கு என்னென்ன குறிச்சொற்கள் இருந்தன என்பதை எல்லாம் அந்தத் தலைப்பிலேயே எழுதிவைக்கிறது. படிக்க இவ்வளவு போதும்:

```python
import json, struct
with open("model.safetensors", "rb") as f:
    n = struct.unpack("<Q", f.read(8))[0]
    meta = json.loads(f.read(n)).get("__metadata__", {})
for k in ("ss_sd_model_name", "ss_num_epochs",
          "ss_dataset_dirs", "ss_tag_frequency"):
    print(k, meta.get(k))
```

ஏற்றுபவர் விரும்பினால் இந்தத் தகவலை அழித்துவிட்டு ஏற்றலாம், மாற்றியும் எழுதலாம். எனவே இது இல்லையென்றால் குற்றமில்லை என்றோ, இருந்தால் அதுவே முடிந்த முடிவு என்றோ கொள்ளக்கூடாது. இவர் அழிக்கவில்லை. கோப்புறையின் பெயர் `10_` என்று தொடங்கி, அடுத்து அக்காவின் பெயர். படங்கள் 38. அந்த 10 என்பது ஒரு சுற்றில் ஒவ்வொரு படமும் எத்தனை முறை காட்டப்படும் என்ற எண். சுற்றுகளும் 10. அதாவது ஒவ்வொரு படமும் மாடலுக்கு 100 முறை காட்டப்பட்டிருக்கிறது.

குறிச்சொற்களைப் பெரும்பாலும் மனிதர்கள் எழுதுவதில்லை. படத்தைப் பார்த்துச் சொற்களைத் தானே ஒட்டும் நிரல் உண்டு. `bird`, `flower`, `traditional media`, `signature` என்று வரிசையாக இருந்தன. இரண்டு எண்கள் கண்ணில் பட்டன. ஒன்று `border`, 23 படங்களில். மற்றது `no humans`, 34 படங்களில்.

அக்காவின் அசல் படத்துக்கு ஓரப்பட்டை கிடையாது. ஆனால் கோயம்புத்தூரில் உள்ள ஒரு பதிப்பகம் 2022-க்கும் 2023-க்கும் அவர் படங்களை வைத்து நாள்காட்டி போட்டது. அந்தப் பக்கங்களில் தேதிக்காக வெளிர்ப் பட்டை உண்டு, ஓர் ஆண்டு அடியில், மறு ஆண்டு இடப்பக்கம். பனிக்காக விட்ட வெள்ளையைத்தான் நிரல் பட்டை என்று தவறாக எண்ணிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தது. அதைத் தீர்க்க, அதே குறிச்சொல் நிரலை எங்கள் ஸ்கேன்களின் மீதும் நாள்காட்டிப் பக்கங்களின் மீதும் ஓட்டிப் பார்த்தேன். அசல் ஸ்கேன் எதற்கும் `border` வரவில்லை. 24 நாள்காட்டிப் பக்கங்களில் 23-க்கு வந்தது. இரண்டு ஆண்டு நாள்காட்டிகளும் முழுசாக உள்ளே போயிருக்க வேண்டும் என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். மாடல் தரும் படங்களிலும் சில நேரம் அடியில், சில நேரம் இடப்பக்கம் காரணமே இல்லாமல் ஒரு வெளிறிய பட்டை வந்து நின்றது.

அந்தப் பக்கங்களைப் பதிப்பகம் விளம்பரத்துக்காகத் தன் தளத்தில் 2400 பிக்சல் அகலத்தில் போட்டிருந்தது. அக்கா தன் பக்கத்தில் எதையும் 900-க்கு மேல் போடுவதில்லை. அவர் பூட்டிவைத்த கதவு அவருடையது. படங்கள் போனது பதிப்பகத்தின் திறந்த கதவு வழியாக. இதைச் சொன்னபோது அவருக்கு வந்த கோபம், லோரா செய்தவர் மேல் வந்ததைவிட அதிகம்.

நான்கு படங்கள் அவருடையவை அல்ல

38 படங்களில் 34-க்குத்தான் `no humans`. மனிதரையே வரையாத ஒருவரின் தொகுப்பில் நான்கு படங்களில் மட்டும் எப்படி மனிதர்கள் வந்தார்கள்? வரிசையில் கீழே `ladder` என்ற சொல் இருந்ததைப் பார்த்ததும் அக்கா சொல்லிவிட்டார்: “அது அண்ணனோட தேன் படம்.”

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஆலுக் குறும்பர் ஊர் ஒன்றைச் சேர்ந்த ஓவியர் அவர். வெள்ளரிக்கொம்பைப் பாறை ஓவியங்களோடு உறவு கொண்டாடும் மரபு அது. வேங்கைப் பிசினிலிருந்தும் இலைச்சாற்றிலிருந்தும் வண்ணம் எடுத்து, மெல்லிய உருவங்களாக மனிதர்களை வரைவார்கள். பாறை முகட்டிலிருந்து கொடி ஏணியில் இறங்கித் தேன் எடுப்பது அதில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. அவருக்கு இணையத்தில் பக்கம் கிடையாது. ஊட்டியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு ஆள் வரட்டும் என்று அவரைக் கேட்டு அக்கா நான்கு படங்களைத் தன் பக்கத்தில் போட்டிருந்தார், அவர் பெயரைச் சொல்லித்தான். லோரா செய்தவர் பெயரைப் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்ததை எல்லாம் ஒரே கோப்புறையில் வாரிப் போட்டுவிட்டார். இப்போது ஒரு குறும்பர் ஓவியரின் தேன் எடுப்பவர்கள், வேறொருவரின் பெயரைத் தட்டினால் வரும் படங்களுக்குள் கலந்துவிட்டார்கள்.

2022-இல் அமெரிக்க ஓவியர் ஹாலி மெங்கர்ட்டுக்கு நேர்ந்ததும் இதே வகைதான். அவருடைய 32 படங்களைக் கொண்டு ஒருவர் அவர் பெயரிலேயே மாடல் செய்தார். பத்திரிகையாளர் ஆண்டி பாயோ அவரிடம் பேசியபோது மெங்கர்ட் சொன்னவற்றில் ஒன்று, கேட்டிருந்தாலும் தன்னால் அனுமதி கொடுத்திருக்க முடியாது என்பது. அந்தப் படங்களில் பல டிஸ்னி போன்ற வாடிக்கையாளர்களுக்கு உரிமையானவை. ஓவியரின் பாணி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கோப்புறையைத் திறந்தால் உள்ளே பல பேருடைய உரிமைகள் கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சம்மதம் சொல்ல வேண்டியவர் வேறு.

அண்ணனைப் பார்க்க நாங்கள் இருவரும் போனோம். கணினி விவகாரத்தை விளக்குவது கடினமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: “கண்காட்சி முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சே, ஏம்மா இன்னும் அது அங்கயே இருக்கு?” காட்டுவதற்கு அவர் கொடுத்த சம்மதத்துக்குக் காலம் இருந்தது, காரணம் இருந்தது. இணையத்தில் போட்டதும் அவை இரண்டும் உதிர்ந்துபோயிருந்தன.

பாணியும் படமும்

பாணிக்குக் காப்புரிமை கிடையாது. இந்தியாவில் இதற்கு அடிப்படை 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கருத்துக்கும் கருப்பொருளுக்கும் காப்புரிமை இல்லை, அவை வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே உண்டு. வெள்ளையை விட்டுப் பனி காட்டுவது யாருக்கும் சொந்தமில்லை. அக்காவே அதைத் தன் ஆசிரியரிடம் கற்றவர்தான், இன்று பல பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறார். லோரா செய்தவர் எங்களுக்கு எழுதிய முதல் பதிலும் இதுதான்: பாணியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

பதில் சரி. ஆனால் நாங்கள் கேட்டது பாணியைப் பற்றி அல்ல. அந்தப் பாணி மாடலுக்குள் போக, 38 குறிப்பிட்ட படங்கள் இறக்கப்பட்டு, ஒரு கோப்புறையில் சேமிக்கப்பட்டு, அளவு மாற்றப்பட்டு, நூறு முறை காட்டப்பட்டன. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 14(சி) பிரிவு, கலைப்படைப்பை எந்த ஊடகத்திலும் மின்னணு வழியாகச் சேமிப்பதையும் உரிமையாளருக்கு மட்டுமே உள்ள உரிமையாகச் சொல்கிறது. 2012 திருத்தத்தில் வந்த வாசகம் அது. எதிர்ப்பக்கம் 52(1)(ஏ) பிரிவு இருக்கிறது: ஆராய்ச்சி உட்பட்ட சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு மீறல் ஆகாது. வீட்டில் ஆர்வத்துக்காகச் செய்து பார்த்திருந்தால் அந்த நிழலில் நின்றிருக்கலாம். பொதுவில் ஏற்றி, ஓவியரின் பெயரை வைத்து, பக்கத்தில் பண உதவி கேட்கும் இணைப்பும் போட்ட பிறகு அதைச் சொந்த உபயோகம் என்பது கடினம் என்று நான் கருதுகிறேன். நம் நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கும் என்பது தீர்ப்பு வரும்போதுதான் தெரியும். வெளிநாட்டிலேயே ஒருமித்த கருத்து இல்லை. 2025 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் கெட்டி இமேஜஸ் வழக்கில், படங்களைத் தனக்குள் சேமிக்காத மாடல் மீறல் நகல் ஆகாது என்றது. அதே மாதம் மியூனிக் நீதிமன்றம், பாடல் வரிகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் மாடலில் இருப்பது நகல்தான் என்றது.

மனப்பாடம் என்பதை நாங்களும் சோதித்தோம். இருபது முப்பது படங்களை நூறு முறை காட்டினால் மாடல் பாணியோடு நிற்காது, படத்தையே பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதை அறிய ஒரு வழி இருக்கிறது. அசல் படத்துக்கு அந்தக் குறிச்சொல் நிரல் எந்தச் சொற்களைத் தருகிறதோ அதே சொற்களைக் கட்டளையாகக் கொடுத்து, படத்தின் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுப்பது. மாடல் பாணியைத்தான் கற்றதென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு அமைப்பில் வர வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் வந்தன. காட்டுப்பூவரசுக் கிளையில் நீலகிரி ஈப்பிடிப்பான் அமர்ந்திருக்கும் மார்ச் மாதப் பக்கத்துக்கு மட்டும், எந்த எண் கொடுத்தாலும் கிளை ஒரே இடத்தில் பிரிந்தது, பறவை ஒரே பக்கம் தலை திருப்பியது, வாடிய பூ ஒன்று அதே மூலையில் தொங்கியது. அந்தப் பூ அக்கா அன்று கண்டது. பாணியில் சேராது. ஏற்றியவர் காட்சிக்கு வைத்திருந்த மாதிரிப் படங்களில் மூன்று இந்த வகைதான்.

யாருடைய கையெழுத்து வேண்டியிருந்தது

புகார் எழுத உட்கார்ந்தபோது, 38 படங்களையும் அக்காவே கேட்க முடியாது என்பது தெளிவானது. அண்ணனின் நான்குக்கு அவர் ஒப்புதல் வேண்டும். அவர் சார்பில் எழுத அக்காவுக்கு அதிகாரம் தரும் கடிதத்தில் அவர் கையெழுத்திட்டார். 2022 நாள்காட்டியின் 12 படங்கள் முன்பே வரைந்து வைத்திருந்தவை. பதிப்பகத்தோடு நடந்தது விலை பேசிய மின்னஞ்சல் மட்டும். உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் ஓவியர் கையெழுத்திட்ட எழுத்துப்பத்திரம் வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. அது இல்லாததால் அவை அக்காவுடையவைதான்.

2023-இன் 12 படங்கள் அப்படி அல்ல. பதிப்பகம் கேட்டு, பணம் கொடுத்து, அந்த நாள்காட்டிக்கென்றே வரையச் சொன்னவை. 17(பி) பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணத்துக்கு வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். மலையில் நான் அறிந்த ஓவியர்கள் பலருக்கு இது தெரியாது. தாங்கள் வரைந்தது தங்களுடையது என்றே நினைக்கிறார்கள். வரைந்தவர் என்று பெயர் சொல்லிக்கொள்ளும் உரிமையும், படத்தைச் சிதைத்து நற்பெயருக்குக் கேடு செய்தால் தடுக்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி எப்போதும் ஓவியரிடமே இருக்கும். ஆனால் சேமிக்காதே, நகலெடுக்காதே என்று சொல்லும் உரிமை அந்த 12-க்குப் பதிப்பகத்திடம் இருக்கக்கூடும். ஆகவே அவர்களையும் தனியே எழுதச் சொன்னோம். மூன்று வாரம் இழுத்தார்கள், பிறகு எழுதினார்கள்.

தளம் அமெரிக்கச் சட்டப்படி நடப்பது. அந்நாட்டுக் காப்புரிமைச் சட்டமான டி.எம்.சி.ஏ.வின்படி அனுப்பும் அறிவிப்பில் எந்தப் படைப்பு, தளத்தில் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். உரிமையாளர் சார்பில் எழுதும் அதிகாரம் இருப்பதைப் பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூற வேண்டும். தெரிந்தே தவறாகக் கோரினால் நம் மேலேயே வழக்கு வரலாம். அதனால் ‘என் பாணியைத் திருடினார்’ என்ற வாக்கியத்தை அக்காவிடம் பேசி எடுத்துவிட்டேன். அவருக்கு அது வலித்தது. எங்கள் அறிவிப்பு மூன்று மாதிரிப் படங்களையும் அவற்றின் அசலையும் பக்கம் பக்கமாக வைத்தது, கோப்பின் தலைப்பில் உள்ள எண்களை அப்படியே எடுத்து எழுதியது, பெயரைப் பயன்படுத்தியதைத் தனிப் புகாராகப் பிரித்தது.

பெயர்தான் முதலில் போனது, ஓரிரு நாளில். மாதிரிப் படங்கள் மூன்றும் அடுத்து நீங்கின. கோப்பு அப்படியே இருந்தது. மாடல் நகலா இல்லையா என்பதில் தாங்கள் முடிவு சொல்ல முடியாது என்று தளம் எழுதியது. கோப்பை எடுக்கவைத்தது குறும்பர் படங்கள். நான்கு படங்கள் வேறொருவருடையவை என்று அண்ணனின் கடிதத்தோடு எழுதியதும், ஏற்றியவர் தானே முன்வந்து கோப்பை நீக்கினார். தான் ஒரே ஓவியரின் படங்கள் என்று நம்பியதாகச் சொன்னார், நான் அதை நம்புகிறேன். அதற்குள் இறக்கியவர்களின் கணினியில் அது இருக்கும். அதைத் திரும்பப் பெற வழியில்லை.

பெரிய மாடலில் அக்கா இருக்கிறாரா

லோராவுக்கு அடியில் இருந்தது ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5. அது பயின்றது லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளில். 2022-இல் வெளியான அந்தத் தொகுப்பில் 585 கோடி வரிகள். ஒவ்வொன்றும் ஒரு படத்தின் இணைய முகவரியும் அதை விவரிக்கும் மாற்று உரையும். அக்காவின் பெயரை அடிப்படை மாடலில் மட்டும் தட்டினால் சாதாரண நீர்வண்ணப் பறவைதான் வருகிறது. இதைக் கொண்டு அவர் படங்கள் உள்ளே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. பெயர் வேலை செய்ய, அந்தப் பெயரோடு படங்கள் போதிய அளவில் வந்திருக்க வேண்டும். போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரைப் பயனர்கள் கட்டளைகளில் ஓயாமல் எழுதியதும், அடிப்படை மாடலிலேயே அது வேலை செய்ததால்தான். சில படங்கள் மட்டும் போயிருந்தால் அவை கரைந்துவிடும். உள்ளே இருக்கும், ஆனால் கூப்பிட்டால் வராது.

பெயரால் தேடாமல் முகவரியால் தேடியபோது, அக்காவின் தளத்திலிருந்து மூன்று படங்களின் வரிகள் கிடைத்தன. பதிப்பகத்தின் தளத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. காரணம் யோசித்தால் புரிகிறது. படமும் உரையும் எவ்வளவு பொருந்துகின்றன என்று கிளிப் என்ற மாடலால் அளந்து, ஆங்கில உரையானால் 0.28-க்குக் குறைந்தவற்றை லயான் தள்ளிவிட்டது. பதிப்பகம் படத்துக்கு ‘ஜனவரி’ என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அக்கா, பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லட்டும் என்று என்ன பறவை, என்ன பூ, என்ன வண்ணம் என்று முழுமையாக எழுதுபவர். அந்த அக்கறையே அவர் படங்களை வடிகட்டியில் தேற வைத்திருக்கிறது. இனி எழுதவேண்டாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். அதைப் படிப்பவர்களுக்கு அது வேண்டும், விலை கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்ல.

தொகுப்பில் வரி இருப்பதும் மாடல் அதில் பயின்றதும் ஒன்றல்ல. நடுவில் அளவு, அழகு மதிப்பெண் என்று மேலும் வடிகட்டல்கள் உண்டு. அந்த மூன்று படங்களுக்கு யாரிடம் கேட்பது என்பதற்கு இன்று ஓர் ஓவியர் தட்டக்கூடிய கதவு நம் நாட்டில் இல்லை. மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட பணித்தாள், பயிற்சிக்குக் கட்டாய உரிமம் என்ற வழியை முன்வைத்தது: நிறுவனங்கள் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டாம், வருவாயில் ஒரு பங்கைப் பொது அமைப்பு வசூலித்துப் படைப்பாளிகளுக்குப் பிரித்துத் தரும், மறுத்து விலகும் உரிமை படைப்பாளிக்கு இருக்காது. பணம் வருவது நல்லது. ஆனால் அண்ணன் கேட்டது பணத்தை அல்ல, காலம் முடிந்த பிறகு ஏன் அங்கே இருக்கிறது என்று. அந்தக் கேள்விக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. வீட்டில் லோரா செய்யும் தனிமனிதரையும் இது தொடுவதில்லை.

இப்போது செய்திருப்பது

அக்காவின் தளத்தில், இணையத்தை வாரும் இயந்திரங்களுக்கான `robots.txt` கோப்பில் `CCBot`, `GPTBot`, `Google-Extended` மூன்றையும் மறுத்திருக்கிறோம். நேர்மையாக நடக்கும் இயந்திரங்கள் மட்டுமே அதை மதிக்கும். கையால் சேமித்துக்கொண்டு போகும் ஒருவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. மாடல்கள் பாணியைப் போலச்செய்வதற்கு எதிராக என்றே செய்யப்பட்டது சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளேஸ் மென்பொருள், 2023-இல் வந்தது. படத்தின் பிக்சல்களை நம் கண்ணுக்கு அதிகம் தெரியாதபடி அசைத்து, மாடலுக்கு அது வேறு பாணியாகத் தோன்றச் செய்யும். அக்காவின் படங்களில் சிக்கல் வேறு: வெறும் வெள்ளை அதிகம், அந்த வெள்ளையில்தான் அசைவு மணல் தூவியது போலக் கண்ணில் படுகிறது. குறைந்த அளவில் வைத்தால் படம் பிழைக்கிறது, காப்பு தளர்கிறது. சேர்த்த அசைவைப் படத்தைப் பெரிதாக்கும் கருவிகளால் பெருமளவு துடைத்துவிடலாம் என்று 2024-இல் ஆய்வாளர்கள் காட்டியும் விட்டார்கள். அடர்ந்த வண்ணமுள்ள படங்களுக்கு மட்டும் போடுகிறார்.

உண்மையில் பலன் தந்தது ஒப்பந்தத்தில் சேர்த்த வரிகள். பதிப்பகத்துக்கு அனுப்பிய வாசகம் இது: ‘இப்படங்களின் காப்புரிமை, பதிப்பகம் கேட்டு வரையப்பட்டவை உட்பட, ஓவியரிடமே இருக்கும். நாள்காட்டியை அச்சிடவும் விளம்பரப்படுத்தவும் மட்டுமே அனுமதி. இணையத்தில் 900 பிக்சலுக்கு மேல் வெளியிடக்கூடாது. ஆண்டு முடிந்ததும் நீக்க வேண்டும். கணினி மாடல் எதற்கும் பயிற்சித் தரவாகப் பயன்படுத்தவோ, அதற்காகச் சேமிக்கவோ, பிறருக்கு உரிமம் தரவோ இந்த ஒப்பந்தம் அனுமதி தரவில்லை.’ முதல் வரிதான் 17(பி)-யின் ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்பதற்கான பதில், அதை விட்டுவிட்டால் மற்ற வரிகளைச் சொல்லும் தகுதியே ஓவியருக்கு இல்லாமல் போகலாம்.

பதிப்பகம் அளவையும் நீக்கும் தேதியையும் உடனே ஏற்றது. பயிற்சி பற்றிய வரியில் ‘பிறருக்கு உரிமம்’ என்பதை எடுக்கச் சொன்னார்கள். படத்தொகுப்பு நிறுவனம் ஒன்றோடு பேசிக்கொண்டிருப்பதாகக் காரணம் சொன்னார்கள். அக்கா மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு நாள்காட்டிக்கான பேச்சு அந்த ஒரு வரியில் நிற்கிறது. அண்ணனின் நான்கு படங்களையும் அவர் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த கண்காட்சிக்கு இரண்டை மட்டும், திறப்பு நாளிலிருந்து முடியும் நாள் வரை போடலாம் என்று அண்ணன் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். நீக்க வேண்டிய தேதியை என் ஸ்கேன் பட்டியலில் புதிய கட்டமாகச் சேர்த்திருக்கிறேன்.